கொதிநிலைக்குக் கீழே இரண்டு மணி நேரம்

மூன்று முட்டைகளின் வெள்ளைக்கரு ஏறக்குறைய 90 கிராம் இருக்கும். அதில் 80 கிராமுக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர்தான். மீதி 10 கிராம் அளவுக்குப் புரதம். இந்தப் புரதத்தை நுரையாக அடித்து, 180 கிராம் சர்க்கரையைச் சேர்த்து, அந்தத் தண்ணீர் முழுவதையும் மெதுவாக வெளியேற்றினால் கிடைப்பது மெரிங். வெள்ளை வெளேரென்று, கையில் எடுத்தால் எடையே தெரியாமல், வாயில் போட்டதும் நொறுங்கிக் கரைந்துவிடும் இனிப்பு. கேக் வேகிறது, ரொட்டி வேகிறது என்று சொல்கிற பொருளில் மெரிங் வேகுவதில்லை. அது உலர்கிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம், ஏன் ஓவனுக்குள்ளேயே ஆறவிட வேண்டும் என்ற எல்லாக் கேள்விகளுக்கும் விடை தானாகவே வந்துவிடும்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்தப் பண்டம் அந்நியமில்லை. தூத்துக்குடி மக்ரூன் இதற்கு மிக நெருங்கிய உறவு. முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் சேர்த்து அடித்த நுரையில் முந்திரிப் பொடியைக் கலந்து, கூம்பு கூம்பாக வைத்து, விறகு அடுப்பின் மிதமான சூட்டில் நெடுநேரம் விட்டுவிடுகிறார்கள். பெரிய தீயில் ஒரு மக்ரூனையும் செய்ய முடியாது. தீ தணிந்த பிறகு செங்கல் சுவரில் தங்கியிருக்கும் சூடுதான் அந்த வேலைக்கு ஏற்றது. அடுப்பு ஆற ஆற மக்ரூனும் அதோடு சேர்ந்து ஆறிக்கொண்டே வருவதால் உலர்த்துவதும் ஆறவிடுவதும் ஒரே வேலையாக முடிந்துவிடுகின்றன. வீட்டு ஓவனில் நாம் செய்ய வேண்டியதும் அதே காரியம்தான். செங்கல் சுவருக்குப் பதில் நம்மிடம் இருப்பது மெல்லிய தகரப் பெட்டி என்பதால் சில ஏற்பாடுகள் தேவைப்படுகின்றன.

நுரையைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கோ, வெள்ளைக்கருவில் மஞ்சள் கருவின் ஒரு துளியோ இருந்தால் நுரை எழும்பாது. மூன்று வெள்ளைக்கருவுக்கு அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரை உறுதியாக நிற்கும். வெள்ளைக்கரு மென்மையாக நுரைத்து வந்த பிறகு, மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு நைசாக்கிய சர்க்கரையை ஒவ்வொரு ஸ்பூனாகச் சேர்த்து அடிக்க வேண்டும். பாலாடை போலப் பளபளத்து, பீட்டரைத் தூக்கினால் நுனி வளையாமல் நிற்கும்வரை அடிக்கலாம். அதன் பிறகு செய்ய வேண்டிய சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நுரையில் சிறிது எடுத்து இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். மணல் போல நெருடினால் சர்க்கரை இன்னும் கரையவில்லை. கரையாத பரல்கள் ஓவனுக்குள் சுற்றியிருக்கும் ஈரத்தை இழுத்துப் பாகாகி, மெரிங்கின் அடியில் பிசுபிசுப்பாகக் கசியும். பிற்பாடு எத்தனை மணி நேரம் உலர்த்தினாலும் அந்தக் கசிவு சரியாகாது. நெருடல் போகும்வரை இன்னும் சில நிமிடங்கள் அடிப்பதே வழி.

இனி சூட்டுக்கு வருவோம். சாதாரண மெரிங்குக்கு நான் சொல்லும் அளவு 95 டிகிரி செல்சியஸ். 90 முதல் 100 வரை எங்கிருந்தாலும் நல்லது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அந்த எண்ணுக்குச் சற்றுக் கீழே நிற்பதில்தான் இந்தச் சமையலின் சூட்சுமம் இருக்கிறது. 95 டிகிரியில் நுரைக்குள் இருக்கும் நீர் கொதிக்காது. மேற்பரப்புக்கு வந்து அமைதியாக ஆவியாகிப் போகும். மேலே உள்ள நீர் போகப் போக, உள்ளே இருப்பது மெல்ல மேலே நகரும். நுரையின் குமிழ்கள் உடையாமல், வீங்காமல் தங்கள் இடத்திலேயே இருக்க, அவற்றின் சுவர்கள் மட்டும் இறுகிக்கொண்டே வரும்.

சூட்டை 130, 140 என்று ஏற்றினால் என்ன ஆகிறது? கூழ் வற்றலைக் கடும் வெயிலில் போட்டால் மேலே சட்டென்று ஏடு கட்டிக்கொண்டு உள்ளே ஈரம் சிக்கிக்கொள்ளுமே, அதே கதைதான் இங்கும் நடக்கும். மெரிங்கின் மேல்தோல் முதல் பத்து நிமிடங்களிலேயே காய்ந்து விறைத்துவிடும். அதன் உள்ளே இருக்கும் காற்றுக் குமிழ்கள் அப்போதுதான் சூடேறி விரியத் தொடங்குகின்றன. அறையின் வெப்பத்திலிருந்து 95 டிகிரிக்குப் போகும்போதே காற்று ஐந்தில் ஒரு பங்கு விரிகிறது. அதற்கு மேல் ஏறினால் நீராவியும் சேர்ந்து தள்ளும். விறைத்துப்போன தோலால் விரிந்து இடம் கொடுக்க முடியாது. அதனால் பக்கவாட்டில், பெரும்பாலும் அடியை ஒட்டி, ஒரு கோடாகப் பிளக்கும். கூடவே இரண்டு அறிகுறிகளும் தென்படும். மேற்பரப்பில் தேன் துளி போலப் பாகு முத்துகள் அரும்பும். வெண்மை போய் இளமஞ்சளாக, பிறகு பழுப்பாக நிறம் மாறும். விரிசல், முத்து, நிறம் இவை மூன்றும் சேர்ந்து வந்தால் ஓவன் அளவுக்கு மீறிச் சூடாக இருந்தது என்று தயங்காமல் முடிவு செய்யலாம்.

அப்படியானால் இன்னும் குறைத்து 70 டிகிரியில் வைத்தால் இன்னும் நல்லதா? காயும், காயாமல் போகாது. ஆனால் ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். வெள்ளைக்கருவின் முக்கியப் புரதம் 80 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் உறுதியாகக் கட்டிப்படுகிறது. அதுவரை நுரையைத் தாங்கி நிற்பது சர்க்கரைப் பாகின் கெட்டித்தன்மை மட்டுமே. நுரை சரியாக அடிபடாமல் இருந்தால், அத்தனை மணி நேரத்தில் அது தளர்ந்து அடியில் நீர் விட்டுவிடும். முட்டை நன்றாகச் சூடுபட வேண்டும் என்பதும் ஒரு காரணம். இந்த இரண்டையும் கருதி 90-க்குக் கீழே இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

இந்தக் கணக்கெல்லாம் ஓவன் உண்மையில் 95 டிகிரியில் இருந்தால்தான் பொருந்தும். நம் வீடுகளில் இருக்கும் ஓடிஜியின் குமிழைத் திருப்பி 100-இல் வைப்பதாலேயே உள்ளே 100 டிகிரி இருக்கிறது என்று நம்பிவிட முடியாது. உள்ளே கம்பி சிவந்து எரியும், அளவு தாண்டியதும் அணையும், சூடு இறங்கியதும் மறுபடி எரியும். இந்த ஏற்ற இறக்கத்தில் 20, 30 டிகிரி வித்தியாசம் வருவது சாதாரணம். கேக்குக்கு இது பெரிய குறையில்லை. மெரிங்குக்கு 95-க்கும் 125-க்கும் இடையே உள்ள தூரம்தான் முழுமைக்கும் விரிசலுக்கும் இடையே உள்ள தூரம். ஆகவே ஓவனுக்குள் வைக்கிற சிறிய தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். மெரிங்குக்கென்று ஒரே ஒரு கருவியை வாங்கலாம் என்றால் பைப்பிங் பேக்கை விட்டுவிட்டு இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

தெர்மாமீட்டரை நடுத்தட்டில் வைத்து, கீழ்க் கம்பியை மட்டும் போட்டு, அரை மணி நேரம் ஓவனைக் காயவிடுங்கள். மேல் கம்பி எரிந்தால் மெரிங்கின் தலைக்கு நேரே சூடு படும், முதலில் பழுப்பாவது அந்த நுனிதான். அடித்தட்டில் ஒரு கனமான இரும்பு தோசைக்கல்லைக் காலியாக வைத்துச் சேர்த்துச் சூடேற்றினால் இரண்டு நன்மைகள் உண்டு. கம்பியின் நேரடி அனல் தட்டின் அடியில் தாக்காது. கல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கம்பி எரிந்து அணையும்போது உள்ளே வெப்பம் அதிகம் ஏறி இறங்காது. கைப்பிடி பிளாஸ்டிக்கிலோ மரத்திலோ இல்லாத கல்லாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எத்தனை குறைத்தும் முள் 100-ஐத் தாண்டியே நின்றால், கதவின் மேல்விளிம்பில் ஒரு மரக்கரண்டியின் காம்பைச் செருகி விரல் அளவு இடைவெளி விடலாம். சூடும் குறையும், ஈரமும் வெளியேறும். விசிறி உள்ள ஓவனாக இருந்தால் காற்றோட்டமே ஈரத்தை வாரிக்கொண்டு போகும் என்பதால் 85 முதல் 90 டிகிரி போதும்.

ஒரு முறை முழுதாகச் செய்வதைத் தொடர்ந்து பார்ப்போம். மேலே சொன்ன 90 கிராம் வெள்ளைக்கரு, 180 கிராம் சர்க்கரை. நுரை மொத்தம் 270 கிராம். பாத்திரத்திலும் பையிலும் ஒட்டிக்கொள்வது போக 260 கிராம் தட்டுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பேக்கிங் பேப்பர் விரித்த தட்டைத் தராசில் வைத்து, அதன் எடையைக் கழித்துவிட்டு, 4 சென்டிமீட்டர் அகலத்தில் கூம்புகளாகப் பிழியுங்கள். ஒவ்வொன்றும் 10 கிராம் அளவில், 25, 26 வரும். ஒன்றுக்கொன்று 2 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். ஒட்டி ஒட்டி வைத்தால் பக்கங்களில் ஈரம் வெளியேற வழியிருக்காது. தட்டு சிறியதாக இருந்தால் பாதியை மட்டும் பிழிவதைவிட, அளவையே இரண்டு வெள்ளைக்கருவாகக் குறைத்துக்கொள்வது நல்லது. அடித்த நுரை இரண்டு மணி நேரம் காத்திருக்காது.

தட்டை நடுவில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். முதல் முக்கால் மணி நேரத்துக்குக் கதவைத் திறக்கவே கூடாது. மேல்தோல் உருவாகிற இந்த நேரத்தில் ஒரு குளிர்ந்த காற்று பட்டாலும் தோலில் கீறல் விழும். அதன் பிறகு கதவின் கண்ணாடியைப் பாருங்கள். உட்புறம் பனி படர்ந்தது போல ஈரம் தெரிந்தால், ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுற்றுகிறது என்று பொருள். மரக்கரண்டியைச் செருகிக் கால் மணி நேரம் விட்டால் போய்விடும். இடையில் மின்சாரம் போனாலும் பதற வேண்டாம். கதவைத் திறக்காமல் இருந்தால் போதும். மின்சாரம் வந்ததும் தொடரலாம், விட்டுப்போன நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

4 சென்டிமீட்டர் கூம்புகளுக்கு ஒன்றே முக்கால் மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். 2 சென்டிமீட்டர் பொட்டுகளுக்கு ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றேகால் மணி. உள்ளங்கை அளவுக் கிண்ணங்களாகச் செய்தால் இரண்டரை முதல் மூன்று மணி. உயரத்தையும் அகலத்தையும் பொறுத்தே நேரம் கூடுகிறது, எண்ணிக்கையால் அத்தனை கூடுவதில்லை. மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் இவற்றோடு அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பலரும் சொல்லும் வழி, பேப்பரிலிருந்து ஒன்றைத் தூக்கிப் பார்ப்பது. அடி ஒட்டாமல் சுத்தமாக எழுந்து வந்தால் பெரும்பாலும் முடிந்தது. அடியில் பிசுபிசுத்து, மேல்பாதி மட்டும் கையோடு வந்தால் இன்னும் அரை மணி நேரம் தேவை. தட்டிப் பார்க்கிற சோதனையை நான் நம்புவதில்லை. சூடாக இருக்கும்போது காய்ந்த மெரிங்கும் சற்று மெத்தென்றுதான் இருக்கும். அதற்குக் காரணம் உண்டு. ஈரம் போன பிறகு குமிழ்ச் சுவர்களில் மிஞ்சுவது பரலாக உறையாத சர்க்கரை. கண்ணாடியைப் போன்ற அந்த நிலையில் சர்க்கரை 60, 70 டிகிரிக்குக் கீழே வந்த பிறகுதான் விறைத்து நொறுங்கும் தன்மைக்கு வரும். அதற்கு மேல் இருக்கும்வரை சிறிது நெகிழும். ஓவனிலிருந்து எடுத்தவுடன் அழுத்திப் பார்த்துவிட்டு இன்னும் காயவில்லை என்று மேலும் ஒரு மணி நேரம் வைத்துப் பழுப்பாக்கிவிடுவது இதனால்தான் நடக்கிறது. ஒரே ஒரு மெரிங்கை வெளியே எடுத்து, ஐந்து நிமிடம் ஆறவிட்டு உடைத்துப் பாருங்கள். நடுவரை மாவு போல உலர்ந்து நொறுங்கினால் முடிந்தது. நடுவில் பசை போல இழுத்தால் முடியவில்லை.

இதைவிடத் துல்லியமான வழி தராசு. தட்டில் வைத்த 260 கிராமில் தண்ணீர் ஏறக்குறைய 76 கிராம். அது முழுதும் போய்விட்டால் 184 கிராம் மிஞ்ச வேண்டும். நன்றாகக் காய்ந்த மெரிங்கிலும் சிறிது ஈரம் தங்கவே செய்யும் என்பதால், 190 கிராமை ஒட்டி வந்தால் வேலை முடிந்தது. 205 காட்டினால் நடுப்பகுதிகளில் இன்னும் ஈரம் ஒளிந்திருக்கிறது. சூடான தட்டைத் தராசில் வைப்பது தராசுக்கு ஆகாது, ஆறுவதற்குள் வெளியே எடுப்பது மெரிங்குக்கு ஆகாது. அதனால் இந்தக் கணக்கை ஆறிய பிறகு போட்டுப் பாருங்கள். குறைவாக உலர்ந்திருந்தால் மறுபடி ஓவனில் வைக்கலாம். இரண்டு மூன்று முறை இப்படி எடை பார்த்து எழுதி வைத்துக்கொண்டால், உங்கள் ஓவனுக்கு எத்தனை மணி நேரம் என்பது உறுதியாகத் தெரிந்துவிடும். பிறகு யாருடைய குறிப்பையும் பார்க்க வேண்டியதில்லை.

ஆறவிடுவதற்கு வருவோம். உலர்த்தும்போது தப்பித்த மெரிங்கையும் கெடுத்துவிடக்கூடிய கட்டம் இது. நேரம் முடிந்ததும் தட்டை வெளியே எடுத்து மேடையில் வைத்தால், சில நிமிடங்களில் மெல்லிய ‘டிக்’ ஒலி கேட்கும். உலர்ந்த சர்க்கரைத் தோல் முதலில் குளிர்ந்து சுருங்குகிறது. உள்ளே இருப்பது இன்னும் சூடாக, விரிந்தே இருக்கிறது. சுருங்க வழியில்லாத விறைத்த தோல் வெடிக்கிறது. நடு இன்னும் சற்று மென்மையாக இருந்தால் வேறொன்றும் நடக்கும். உள்ளே அடைபட்ட சூடான காற்று சுருங்கும்போது தோலை உள்ளே இழுத்து, மெரிங்கின் தலை குழிந்துவிடும்.

ஓவனுக்குள்ளேயே ஆறும்போது இந்த இரண்டுக்கும் இடமில்லை. தோலும் நடுவும் ஏறக்குறைய ஒரே சூட்டில் சேர்ந்து இறங்குகின்றன. 70 டிகிரிக்கு மேலே இருக்கும்வரை சர்க்கரைக்கு நெகிழ்வு இருப்பதால், சுருங்குவதற்கேற்ப அது தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஆகவே சட்டென்று கடக்கக் கூடாத பகுதி 95-இலிருந்து 50 டிகிரி வரைதான். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு எவ்வளவு நேரம் கிடந்தாலும் விரிசல் விஷயத்தில் வித்தியாசம் இல்லை. ஓவனை அணைத்து, கதவைச் சாத்தியபடியே விட்டுவிடுங்கள். தடித்த சுவர் உள்ள பெரிய ஓவனில் இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். இரவு செய்துவிட்டுக் காலையில் எடுப்பது பலருடைய வழக்கம். அந்த மிச்சச் சூட்டில் கடைசி ஈரமும் போய்விடுவது கூடுதல் லாபம். இப்படி விடும்போது ஓவன் கதவில் ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள். காலையில் வேறொருவர் உள்ளே இருப்பதைப் பார்க்காமல் ஓவனை 180-க்குப் போட்டுவிடக்கூடும்.

சிறிய ஓடிஜியின் தகரச் சுவர் சூட்டை நிறுத்தி வைக்காது. அணைத்த கொஞ்ச நேரத்திலேயே உள்ளே வெப்பம் வேகமாக இறங்கத் தொடங்கும். இங்கேதான் தோசைக்கல் இரண்டாம் முறை உதவுகிறது. கூடவே, நேரம் முடிந்ததும் உடனே அணைக்காமல் குமிழை ஆகக் குறைந்த அளவுக்குத் திருப்பி இருபது நிமிடம் விட்டு, பிறகு அணைக்கலாம். சூடு படிப்படியாக இறங்கும். மின்விசிறிக்கு நேரே ஓடிஜி இருந்தால் விசிறியை நிறுத்திவிடுங்கள். உள்ளே வைத்த தெர்மாமீட்டர் 40-க்குக் கீழே காட்டும்வரை கதவைத் தொடாமல் இருப்பதே பாதுகாப்பு.

ஒரு விதிவிலக்கு உண்டு. பாவ்லோவா என்று ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கொண்டாடும் பெரிய மெரிங் தட்டு, நடுவில் மென்மையாக இருப்பதற்காகவே செய்யப்படுவது. அதில் சோளமாவும் வினிகரும் சேர்ப்பார்கள், ஓவன் சூடும் இதைவிட அதிகம். அதையும் ஓவனுக்குள்தான் ஆறவிடுவார்கள் என்றாலும் மேலே சிறு வெடிப்புகள் விழுவது இயல்பு. அவற்றின் மீது கிரீமும் பழமும் வருவதால் யாரும் பொருட்படுத்துவதில்லை. நாம் பேசிக்கொண்டிருக்கும் முழுதும் உலர்ந்த சிறிய மெரிங்குக்கு அந்த அளவுகளைப் பயன்படுத்தக் கூடாது.

ஓவனிலிருந்து எடுத்த நொடியிலிருந்து மெரிங் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கத் தொடங்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற ஊர்களில் ஈரக் காற்றுள்ள நாளில் திறந்த தட்டில் ஒரு மணி நேரம் வைத்தாலே மேற்பரப்பு ஒட்டும். முழுதும் ஆறிய உடனே காற்றுப்புகாத டப்பாவில் போட்டு மூடுங்கள். ஆறுவதற்கு முன்பு மூடினால் உள்ளே வியர்த்துவிடும். குளிர்பதனப் பெட்டியில் வைக்கவே வேண்டாம், அங்கே ஈரம் அதிகம். டப்பா நன்றாக மூடியிருந்தால் இரண்டு வாரம் மொறுமொறுப்பாக இருக்கும்.

அதையும் மீறி நமுத்துப்போனால் தூக்கி எறிய வேண்டியதில்லை. போனது வெறும் உலர்வு மட்டுமே. 90 டிகிரியில் இருபது முதல் முப்பது நிமிடம் மறுபடி வைத்து, முன்போலவே ஓவனுக்குள் ஆறவிட்டு எடுத்தால் பழைய மொறுமொறுப்பு திரும்பிவிடும். ஆனால் முதல் முறையே பாகு கசிந்து அடியில் ஒட்டிய மெரிங்குகளுக்கு இது பலிக்காது. அவற்றை உடைத்து ஐஸ்கிரீமிலோ, பழத்தோடு கலந்த கெட்டித் தயிரிலோ போட்டுச் சாப்பிடலாம். போட்ட சிறிது நேரத்திலேயே அவை கரையத் தொடங்கும் என்பதால் பரிமாறும்போதுதான் சேர்க்க வேண்டும்.